ஒரே ஆளிடம் வாங்கலும் விற்றலும்: இரண்டு கணக்கா, ஒற்றைக் கணக்கா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தீவனக் கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தோட்டக்காரர் மாட்டுத்தீவனத்தைக் கடனுக்கு எடுத்துப் போகிறார். அதே கடைக்குக் கொப்பரையும் போடுகிறார். கடைசியில், "தீவனக் காசைக் கழிச்சுட்டு மீதியக் குடுங்க" என்பார். தீவனத்துக்கு அவர் தர வேண்டியது 62,000. கொப்பரைக்குக் கடை தர வேண்டியது 80,000. கடை 18,000 மட்டும் கொடுத்து அனுப்புகிறது. கை மாறாத அந்த 62,000-ஐ எப்படி எழுதுவது?

இரண்டு வழிகள் இருக்கின்றன. அவரைக் கடனாளியாக ஒரு கணக்கிலும் கடனீந்தோராக இன்னொரு கணக்கிலும் வைத்து, கழித்த 62,000-க்குக் கான்ட்ரா பதிவு போடுவது ஒன்று. கடனீந்தோர் கணக்கில் பற்று, கடனாளி கணக்கில் வரவு. இரண்டும் ஒரே தொகை, இரு பக்கமும் இருப்பு குறையும். இருவரும் தர வேண்டியதில் எது சிறியதோ அதற்கு மேல் கான்ட்ரா போக முடியாது. இன்னொரு வழி, அவருக்கு ஒரே கணக்கு வைத்துத் தீவனத்தைப் பற்றிலும் கொப்பரையை வரவிலும் எழுதிக்கொண்டே போவது. அதில் கழிப்பு தானாக நடந்துவிடும், கான்ட்ரா என்ற பதிவே கிடையாது.

மூன்றாவதாக ஒரு பழக்கமும் உண்டு. 62,000 ரொக்கமாக வந்தது, 80,000 ரொக்கமாகப் போனது என்று எழுதிவிடுவார்கள். நடக்காத வரவு செலவு ரொக்கப் புத்தகத்தில் ஏறுகிறது. அதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது வைக்கும் பொறி ஒன்று உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றாட வேலையை மட்டும் பார்த்தால் ஒற்றைக் கணக்குத்தான் சுலபம். தோட்டக்காரர் வந்து நின்றதும் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பதில் சொல்லலாம். இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம், ஏதாவது ஒரு தொகை காணாமல் போய், மொத்தங்களிலிருந்து அதைப் பிடிக்க வேண்டிய நாளில்தான் தெரியும்.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 2024-25ஆம் ஆண்டின் விற்பனைப் புத்தகம் மழையில் நனைந்து கெட்டுவிட்டது. கடன் விற்பனை எவ்வளவு என்று தெரியவில்லை. மற்ற மொத்தங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன.

| | கடனாளிகள் | கடனீந்தோர் |
|---|---|---|
| ஆரம்ப இருப்பு | 4,20,000 | 3,10,000 |
| கடன் விற்பனை / கடன் கொள்முதல் | ? | 19,80,000 |
| வசூல் / கொடுத்தது | 18,60,000 | 16,40,000 |
| திருப்பம் | 36,000 | 15,000 |
| தள்ளுபடி | 14,000 | 10,000 |
| வாராக்கடன் | 20,000 | இல்லை |
| கான்ட்ரா | 2,75,000 | 2,75,000 |
| இறுதி இருப்பு | 4,65,000 | 3,50,000 |

இரண்டு கணக்கு வழியில், மொத்தக் கடனாளிகள் கணக்கின் வரவுப் பக்கத்தை முதலில் கூட்ட வேண்டும். வசூல், திருப்பம், தள்ளுபடி, வாராக்கடன், கான்ட்ரா, அவற்றோடு இறுதி இருப்பு. கூட்டுத்தொகை 26,70,000. பற்றுப் பக்கமும் இவ்வளவு வந்தாக வேண்டும். அங்கே ஏற்கெனவே இருப்பது ஆரம்ப இருப்பு 4,20,000. மீதி 22,50,000-தான் கடன் விற்பனை.

கான்ட்ராவை மறந்திருந்தால் விடை 19,75,000 என்று வந்திருக்கும். கணக்கு அப்போதும் சமப்படும், ஏனென்றால் விடையே சமப்படுத்தும் தொகையாக வந்த ஒன்று. தீவனம் போயிருக்கிறது, பணமாக வராமல் கொப்பரையாக வந்திருக்கிறது. அந்த விற்பனை 2,75,000 சத்தமில்லாமல் மறைந்துவிடும். கான்ட்ராவைக் கடனாளிகள் கணக்கில் தவறிப் பற்றுப் பக்கம் வைத்தாலோ விடை 17,00,000 ஆகிவிடும். உண்மையைவிட 5,50,000 குறைவு, அதாவது கான்ட்ராவைப் போல இரண்டு மடங்கு. விற்பனையை வேறு வழியில் ஒப்பிடும்போது வித்தியாசம் கான்ட்ரா அளவே இருந்தால் விட்டுப்போயிருக்கிறது என்றும், இரட்டிப்பாக இருந்தால் பக்கம் மாறியிருக்கிறது என்றும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கடனாளிகள் பக்கம் பிழையைக் காட்டிக்கொடுக்காத இடத்தில் கடனீந்தோர் பக்கம் காட்டிக்கொடுக்கும். அங்கே தெரியாத தொகை எதுவும் இல்லை. ஆரம்ப இருப்பும் கொள்முதலும் சேர்ந்து 22,90,000. அதிலிருந்து கொடுத்தது, திருப்பம், தள்ளுபடி, கான்ட்ரா ஆகிய 19,40,000-ஐக் கழித்தால் 3,50,000. ஒவ்வொரு ஆளின் நிலுவையையும் எழுதிக் கூட்டிய பட்டியலும் 3,50,000 என்றால், கான்ட்ரா சரி என்பதற்குத் தனிச் சாட்சி கிடைத்துவிட்டது. அந்த நம்பிக்கையோடுதான் அதே 2,75,000-ஐக் கடனாளிகள் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது ஒற்றைக் கணக்கு வழி. எல்லோரையும் ஒரே மொத்தக் கணக்கில் போட்டால் ஆரம்ப நிகர இருப்பு 1,10,000 பற்று, இறுதி நிகர இருப்பு 1,15,000 பற்று. வரவுப் பக்கம் கொள்முதல், வசூல், விற்பனைத் திருப்பம், கொடுத்த தள்ளுபடி, வாராக்கடன், இறுதி இருப்பு எல்லாம் சேர்ந்து 40,25,000. பற்றுப் பக்கம் ஆரம்ப இருப்பு, கொடுத்தது, கொள்முதல் திருப்பம், பெற்ற தள்ளுபடி எல்லாம் 17,75,000. மீதி 22,50,000. அதே விடை, அதுவும் கான்ட்ராவைத் தொடாமலே.

இதைப் பார்த்துவிட்டு, பிறகெதற்குக் கான்ட்ரா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கான்ட்ராத் தொகையே தெரியாது, கடனீந்தோர் கணக்கின் மீதியாகத்தான் அதைக் கண்டுபிடிக்கிறோம் என்று வையுங்கள். அப்போது இரண்டு வழியும் ஒன்றேதான். கொள்முதல் மொத்தத்தில் 30,000 கூடுதலாக ஏறியிருந்தால், இரண்டு கணக்கு வழியில் அந்த 30,000 கான்ட்ராவுக்குள் புகுந்து, அங்கிருந்து விற்பனைக்குத் தாவும். ஒற்றைக் கணக்கில் நேராக விற்பனைக்குப் போகும். முடிவில் இரண்டிலும் விற்பனை 22,80,000 என்றே காட்டும். கூடுதல் உழைப்புக்குப் பலன் எதுவும் இல்லை.

கான்ட்ராவுக்கு அதன் சொந்த ஆதாரம் இருந்தால்தான் நிலைமை மாறுகிறது. கழித்த அன்றே எழுதி இருவரும் கையெழுத்திட்ட சீட்டுகள் இருந்து, அவற்றின் கூட்டுத்தொகை 2,75,000 என்று இருந்தால், அதே 30,000 பிழை கடனீந்தோர் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். கணக்குப்படி இருப்பு 3,80,000 வரும், பட்டியல் 3,50,000 காட்டும். விற்பனை 22,50,000 என்பது அசையாது. இரண்டு கணக்கு வைப்பதன் முழு மதிப்பும் என் பார்வையில் இந்தச் சீட்டில்தான் இருக்கிறது.

சீட்டு இருப்பதால் இன்னொரு பலனும் கிடைக்கும். விற்பனைப் புத்தகத்தோடு கொள்முதல் புத்தகமும் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கணக்கு வழியில் ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு தெரியாத தொகைதான். விற்பனை 22,50,000, கொள்முதல் 19,80,000 என்று இரண்டும் கிடைத்துவிடும். ஒற்றைக் கணக்கில் ஒரு சமன்பாட்டுக்குள் இரண்டு தெரியாத தொகைகள். விற்பனை கொள்முதலைவிட 2,70,000 அதிகம் என்பதற்கு மேல் அதனால் எதுவும் சொல்ல முடியாது.

நிலுவைப் பட்டியலிலும் ஒற்றைக் கணக்கு குழப்பும். கொப்பரை அதிகம் போட்ட தோட்டக்காரரின் இருப்பு வரவாக மாறியிருக்கும். அவருக்குத் தர வேண்டியது 25,000 என்று வையுங்கள். அவரைக் கடனாளிகள் தொகுப்பில் வைத்திருந்தால், அந்த 25,000 மற்றவர்களிடம் வர வேண்டிய தொகையிலிருந்து ஓசையில்லாமல் கழிந்து நிற்கும். வங்கியில் கடன் வரம்புக்காக நிலுவைப் பட்டியல் கொடுக்கும்போது இரு பக்கமும் 25,000 குறைத்துக் காட்டியதாகிவிடும். ஆண்டு முடிவில் வரவு இருப்புள்ளவர்களைப் பிரித்துக் கடனீந்தோர் பக்கம் எழுதினால் இது சரியாகும். ஆனால் அதை யாராவது நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

டேலியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே `F4` அழுத்தினால் வரும் `Contra` நாம் பேசும் கான்ட்ரா அல்ல. அது ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே பணம் மாற்றுவதற்கு. கடனாளி, கடனீந்தோர் கழிப்பை `F7`, அதாவது `Journal` வழியாகத்தான் எழுத வேண்டும். ஒரே பெயரில் இரண்டு லெட்ஜர் திறக்க முடியாது என்பதால், பெயருக்குப் பின்னால் தீவனம், கொப்பரை என்று சேர்த்துப் பிரித்துவிடலாம்.

ரொக்கமாக எழுதும் பழக்கத்தின் பொறி இதுதான். கழித்த தொகையை வசூலாகவே எழுதியிருந்தால், அது 18,60,000-க்குள் ஏற்கெனவே இருக்கும். அது தெரியாமல் சீட்டுகளைக் கூட்டிக் கான்ட்ராவையும் தனியாக வைத்தால் ஒரே தொகை இரண்டு முறை எண்ணப்பட்டு விற்பனை வீங்கும். சீட்டின் தேதியில் ரொக்கப் புத்தகத்தைத் திருப்பி, அதே ஆளின் பெயரில் வரவும் செலவும் ஒரே நாளில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

கிடைத்த 22,50,000 கடன் விற்பனை மட்டுமே என்பதையும் மறக்கக் கூடாது. ரொக்க விற்பனை கடனாளிகள் கணக்குக்குள் வருவதே இல்லை. வரி உள்ள சரக்கு என்றால் கடனாளி கணக்கில் வரியும் சேர்ந்தே ஏறியிருக்கும். ஜிஎஸ்டி ரிட்டர்னில் உள்ள விற்பனை மதிப்போடு ஒப்பிடும்போது ரொக்க விற்பனையைச் சேர்த்து, வரியைப் பிரித்து, விற்பனைத் திருப்பத்தையும் கணக்கில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், இப்படி இரு பக்கமும் வியாபாரம் செய்யும் ஆட்கள் நிறைய உள்ள கடைக்கு நான் இரண்டு கணக்கையே சொல்வேன். கழிப்புச் சீட்டு அன்றன்றைக்கு எழுதப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சீட்டு எழுத ஆள் இல்லை, அப்படிப்பட்ட தோட்டக்காரர்களும் நாலைந்து பேர்தான் என்றால் ஒற்றைக் கணக்கே நல்லது. சீட்டு இல்லாமல் ஆண்டு முடிவில் குத்துமதிப்பாக ஒரு கான்ட்ரா போடுவதைவிட அது நேர்மையானது.

எந்த வழியானாலும் கழிப்பு ஒரே ஆளின் இரண்டு கணக்குகளுக்கு இடையில்தான் நடக்க வேண்டும். அப்பா பெயரில் கொப்பரையும் மகன் பெயரில் தீவனமும் இருந்தால், வீடு ஒன்றாக இருந்தாலும் ஆள் இருவர். அப்பாவிடம், "ஐயா, உங்க கொப்பரைக் காசுல தம்பி பாக்கியைக் கழிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டு, இருவர் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் அந்தச் சீட்டைக் கான்ட்ராக் கூட்டுத்தொகையில் சேர்க்கலாம்.