20 சதவீதத்துக்குக் கீழே: டெஸ்ட் ரைடு அழைப்பு சொல்லாமல் விட்டது

"ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்! முழு சார்ஜுக்கு வெறும் 2.5 யூனிட். 110 கிலோமீட்டர் ஓடும். வீட்டு பிளக் பாயின்ட்டே போதும்."

நான் ஓட்டும் அதே பட்ஜெட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு வந்த டெஸ்ட் ரைடு அழைப்பை நண்பர் ஒருவர் அனுப்பி, "இதெல்லாம் நிஜமா, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வண்டி வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அழைப்பின் கடைசி வரி நிஜம். முதல் இரண்டும் தனித்தனியாகப் பார்த்தால் பொய்யில்லை, சேர்த்துப் படித்தால் ஏமாற்றும். எனக்கு இன்றுவரை எரிச்சல் தருகிற விஷயமோ அழைப்பில் எங்கேயுமே இல்லை.

முதலில் செலவு. 2.5 யூனிட் என்பது பேட்டரியின் கொள்ளளவு, சுவரிலிருந்து இழுக்கும் கரன்ட் அல்ல. சார்ஜர் சூடாவதிலும் அதன் மின்விசிறி சுற்றுவதிலும் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வீணாகப் போகும். பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன யூனிட் மீட்டர் ஒன்று வாங்கிப் போட்டால் இது கண்ணெதிரே தெரியும். 20 சதவீதத்திலிருந்து நூறு வரை ஏற்றும்போது பேட்டரிக்குள் போவது 2 யூனிட், மீட்டரில் ஓடுவது 2.3.

110 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண். அங்கே எதிர்க்காற்று இல்லை, பின்னால் ஆள் இல்லை, சிக்னலுக்குச் சிக்னல் திடீரென முறுக்கும் கையும் இல்லை. ஊருக்குள் 40 வேகத்தில் நின்று நின்று போனால் இந்த வண்டி கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட்‌ஹவர் சாப்பிடுகிறது. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்ஹவர், ஆக அந்த 2 யூனிட்டுக்கு 66 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 55-இல் பிடித்தால் 40 வாட்‌ஹவர் ஆகி, அதே 2 யூனிட் 50 கிலோமீட்டரோடு தீர்ந்துவிடும். வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு அதைவிட வேகமாகக் கூடுவதுதான் காரணம். ஈக்கோ மோட் மிச்சம் பிடிப்பதும் இதனால்தான். அதில் மந்திரம் ஒன்றுமில்லை, நம்மை வேகமாகப் போக விடுவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, ஊருக்குள் 66 கிலோமீட்டருக்கு 2.3 யூனிட் என்றால் நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட். அழைப்பின் கணக்குப்படி அதே நூறு கிலோமீட்டருக்கு 2.3 யூனிட்டே போதும். அவர்கள் சொன்னதைவிடப் பாதி மடங்கு கூடுதல். இதைப் பெட்ரோல் ஸ்கூட்டரோடு வைத்துப் பாருங்கள்: லிட்டருக்கு 45 கொடுக்கும் வண்டிக்கு அதே நூறு கிலோமீட்டருக்கு 2.2 லிட்டர் வேண்டும். உங்கள் மின்கட்டணத்தை மூன்றரையாலும் பெட்ரோல் விலையை 2.2-ஆலும் பெருக்கிப் பார்த்தால் உண்மைக் கணக்கே எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்று புரியும். பிறகு எதற்கு அந்த 110? உள்ளதைச் சொல்லியே விற்கக்கூடிய பொருளுக்கு இப்படிப் பூச்சு பூசுவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. என்ஜின் ஆயில், பெல்ட், ஸ்பார்க் பிளக் செலவும் கிடையாது. டயரும் பிரேக்கும் எல்லா வண்டிக்கும் உள்ள செலவு. டயரில் காற்று குறைந்தால் மட்டும் இதில் உடனே தெரியும், கிலோமீட்டர் அடிவாங்கும்.

சார்ஜிங் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. சார்ஜர் 10 ஆம்பியர் கொடுக்கிறது என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வீட்டு வயரிங் தாங்குமா என்று பலர் திகைக்கிறார்கள். அது பேட்டரிப் பக்கத்து எண். சுவரிலிருந்து இழுப்பது சுமார் 650 வாட், 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்கும் குறைவு. இஸ்திரிப் பெட்டி இதைவிட அதிகம் இழுக்கும். வித்தியாசம், இஸ்திரி அரை மணியில் முடிந்துவிடும், இது சுமார் நான்கு மணி நேரம் விடாமல் இழுக்கும். அதனால் தொளதொளவென்ற சாக்கெட் இங்கே மாட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடு என்றால் சார்ஜரைத் திட்டாதீர்கள், சாக்கெட்டை மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் போட்டே ஆகவேண்டுமென்றால் சுருளை முழுக்கப் பிரித்துவிட்டுப் போடுங்கள்.

இனி என் எரிச்சலுக்கு வருகிறேன்: டேஷ்போர்டில் தெரியும் அந்தச் சதவீதம்.

நூறிலிருந்து நாற்பது வரை சாதுவாக இறங்கும். பிறகு ஒருநாள் 22 காட்டிக்கொண்டிருக்கும், அடுத்த சிக்னல் தாண்டுவதற்குள் 9 ஆகிவிடும். உடனே பவரும் குறைக்கப்படும், வண்டி 30 வேகத்தைத் தாண்டாது. மேம்பாலம் ஏறும்போது இது நடந்தால் பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே நமக்கு அர்ச்சனை செய்வார்கள்.

பேட்டரி கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்கு ஓடுவதற்கு முன் காரணம் தெரிந்திருப்பது நல்லது. இந்த வண்டியில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, 16 செல்கள் வரிசையாக. ஆயுளும் பாதுகாப்பும் உள்ள ரகம், குறை சொல்ல முடியாது. ஆனால் 90 சதவீதத்துக்கும் 30-க்கும் இடையில் அதன் வோல்டேஜ் ஏறக்குறைய மாறவே மாறாது. மொத்த பேக்கிலும் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசம்தான் வரும். ஆக்சிலரேட்டரை முறுக்கினாலே அந்த அளவு இறங்கி, விட்டால் ஏறிவிடும். எனவே வோல்டேஜைப் பார்த்து மீதியைச் சொல்ல முடியாமல், பேட்டரியைக் கண்காணிக்க உள்ளிருக்கும் பிஎம்எஸ் போர்டு எவ்வளவு கரன்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று வரவு செலவு எழுதிக்கொண்டே போகிறது.

அந்தக் கணக்கில்தான் ஓட்டை. வண்டி பூட்டி நிற்கும்போதும் ஜிபிஎஸ், அலாரம், பூட்டு எல்லாம் கொஞ்சம் கரன்ட் குடிக்கும். அது மிகச் சிறியது என்பதால் சென்சார் கண்ணில் படாமல் போகலாம். உதாரணத்துக்கு 50 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்‌ஹவர். இந்தப் பேட்டரி 49 ஆம்பியர்‌ஹவர். ஐந்து நாளில் 12 சதவீதம் கணக்கில் வராமல் கரைந்திருக்கும். டேஷ்போர்டு 22 என்று சொல்லும், உள்ளே இருப்பது 10. கடைசியில் வோல்டேஜ் நிஜமாகவே சரியத் தொடங்கும்போது போர்டு விழித்துக்கொண்டு எண்ணைத் திருத்தும். நாம் பார்க்கும் தாவல் அதுதான்.

திருத்த வழி இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை நூறு வரை ஏற்றுங்கள். நூறு தெரிந்ததும் பிடுங்கக் கூடாது. சார்ஜர் தானாக நின்று பச்சை விளக்கு வந்த பிறகும் ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். முழுமை என்ற ஒரே இடத்தில்தான் போர்டுக்குச் சந்தேகமில்லாத அடையாளம் கிடைக்கிறது, கணக்கை அங்கே புதிதாகத் தொடங்கும். பின்தங்கிய செல்கள் மற்றவற்றோடு சமமாவதும் பெரும்பாலும் அந்த உச்சியில்தான். அந்த வேலை மிகச் சிறிய கரன்ட்டில் நடப்பதால் நேரம் எடுக்கும். "எண்பதோடு நிறுத்து, பேட்டரி ஆயுள் கூடும்" என்று போனுக்குச் சொல்லும் அறிவுரையை அப்படியே இதற்கும் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் எண்பதிலேயே நிறுத்தினால் இந்த ரகப் பேட்டரியில் மீட்டர்தான் முதலில் புத்தி கெட்டுப்போகும்.

இப்படிச் செய்தும் தாவல் நிற்கவில்லை என்றால் செல் ஒன்று பலவீனமாக இருக்கலாம். பிரித்தறிவது சுலபம். கணக்குத் தவறு என்றால் 9-க்கு விழுந்த எண் 9-இலேயே இருக்கும். பலவீனமான செல் என்றால் ஏற்றத்தில் முறுக்கும்போது பவர் வெட்டும், ஓரமாக இரண்டு நிமிஷம் நிறுத்தினால் மறுபடி தெம்பாகக் கிளம்பும். அப்போது சர்வீஸில் போய்ச் செல் வாரியான வோல்டேஜைக் கேளுங்கள். பாதி சார்ஜில் எடுத்த ரீடிங்கைக் காட்டி "எல்லாம் சமமாக இருக்கிறது" என்று அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். பாதியில் எந்தச் செல்லும் யோக்கியமாகத்தான் தெரியும். 15 சதவீதத்துக்குக் கீழே, வண்டி இழுத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த ரீடிங் வேண்டும் என்று உறுதியாகக் கேளுங்கள். வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

இதில் எதுவுமே டெஸ்ட் ரைடில் தெரியாது. ஷோரூம் வண்டி எப்போதும் தொண்ணூறுக்கு மேல்தான் நிற்கும், நாம் ஓட்டுவதோ மூன்று கிலோமீட்டர். முழு சார்ஜில் எந்த எலெக்ட்ரிக் வண்டியும் சீறிப் பாயும். நண்பருக்கு நான் சொன்னது, முதல் நாளே போன் செய்து 25 சதவீதத்தில் ஒரு வண்டி வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு பக்கத்திலிருக்கும் மேம்பாலத்தில் ஏறிப் பாருங்கள் என்பதுதான். பவர் எந்த எண்ணில் குறைகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாது என்று சொல்லும் கடையில் வாங்கவும் வேண்டாம்.

விற்பவர்கள் என்னிடம் எழுதித் தரச் சொன்னால் அழைப்பை இப்படி எழுதுவேன்:

"முழு சார்ஜிலும் ஓட்டிப் பாருங்கள், 20 சதவீதத்திலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு வண்டிகளும் தயாராக நிற்கும். ஊருக்குள் நூறு கிலோமீட்டருக்குச் சுவரிலிருந்து மூன்றரை யூனிட் ஆகும். யூனிட் மீட்டர் மாட்டியே சார்ஜ் போட்டிருக்கிறோம், நீங்களே படித்துக்கொள்ளலாம். சார்ஜர் இழுப்பது 650 வாட். உங்கள் பிளக் பாயின்ட்டை போட்டோ எடுத்து வாருங்கள், மாற்ற வேண்டுமா என்று சொல்கிறோம். வாரம் ஒருமுறை பச்சை விளக்கு வரும்வரை ஏற்ற வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் இந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்."

கடைசி வரியை எழுத எந்த விற்பனை மேலாளரும் சம்மதிக்கமாட்டார், தெரியும். ஆனால் சார்ஜ் பற்றிப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களை ஷோரூமுக்கு வரவழைக்கப்போவது அந்த வரிதான்.

வாங்கலாமா? நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட், தொல்லையில்லாத சார்ஜிங், ஆயில் கறை படாத கை. இவ்வளவு எழுதிய பிறகு வாங்குங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இன்று காலை மறுபடி 21-இலிருந்து 8-க்குத் தாவியது. ஆகவே இன்றைக்குக் கேட்டால், கடைசிச் சரிவையாவது நாமே பார்க்கும்படி டேஷ்போர்டில் பேட்டரி வோல்டேஜையும் காட்டுகிற வேறு வண்டி அதே விலையில் கிடைத்தால் அதை வாங்குங்கள் என்பேன்.