மும்பையில் நீண்டகால வாடகை: பக்டியா, லீஸா, லீவ் அண்ட் லைசென்ஸா?

மும்பையில் "வாடகைக்கு இருக்கிறேன்" என்று சொல்பவர் சட்டத்தின் கண்ணில் மூன்று விதமான ஆட்களில் ஒருவராக இருக்கலாம். பழைய கட்டடத்தில் பக்டி என்ற மொத்தத் தொகையை முன்கூட்டியே கொடுத்து, மூன்று தலைமுறையாக இருப்பவர் வாடகைதாரர். எழுதிப் பதிந்த லீஸில் இருப்பவரும் வாடகைதாரர்தான், ஆனால் குடியிருப்புகளில் அவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மீதிப் பேர் லீவ் அண்ட் லைசென்ஸில் இருக்கிறார்கள். இவர்களை மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 வாடகைதாரராகவே பார்ப்பதில்லை. வீட்டைப் பயன்படுத்த அனுமதி பெற்றவர், அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்று பார்த்தால் பக்டிக்கு அருகில் எதுவும் வராது. வாடகையை ஒழுங்காகக் கட்டும்வரை, பிரிவு 15-இன்படி, வாடகைப் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. பாக்கி விழுந்தாலும் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுத்து 90 நாள் காத்திருந்த பிறகே வழக்குப் போடலாம். சம்மன் கைக்கு வந்த 90 நாளுக்குள் பாக்கியை 15% தனிவட்டியோடும் வழக்குச் செலவோடும் கட்டிவிட்டால் வீடு தப்பிவிடும். வாடகை உயர்வு ஆண்டுக்கு 4%. "என் மகனுக்கு வீடு வேண்டும்" என்று வீட்டுக்காரர் கேட்டால், வெளியேற்றினால் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்றும் நீதிமன்றம் எடைபோடும். வாடகைதாரர் இறந்தால் கூடவே குடியிருந்த குடும்பத்தினருக்கு உரிமை போகும். பக்டிப் பணம் வாங்குவதையே 1999 சட்டத்தின் 56-ஆம் பிரிவு செல்லுபடியாக்கிவிட்டது.

இத்தனை பாதுகாப்பும் பெரும்பாலும் இரண்டே இடத்தில் கோட்டைவிடப்படுகிறது. ஒன்று, பூட்டிய வீடு. தகுந்த காரணமில்லாமல் வழக்குக்கு முந்தைய ஆறு மாதம் தொடர்ந்து பயன்படுத்தாமல் விட்டால் அதுவே வெளியேற்றக் காரணம். மாட்டுங்காவில் வீடு, ஆனால் பெரியவர்கள் ஊரோடு போய்விட்டார்கள், பிள்ளைகள் தாணேயில் என்றால் மின்கட்டண ரசீதே எதிர்ச்சாட்சி ஆகிவிடும். இரண்டு, வாடகை ரசீது. தாத்தா பெயரிலேயே ரசீது ஓடிக்கொண்டிருக்கும். அவர் இறந்தபோது கூட இருந்தது யார் என்பதற்கு ரேஷன் கார்டோ வாக்காளர் பட்டியலோ கையில் இருக்காது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்றைக்குப் புதிதாக இப்படி ஒரு குடித்தனம் கிடைக்குமா என்றால், கிடைக்காது. ஏற்கெனவே இருப்பதைப் பணம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். அதில் கணிசமான பங்கு வீட்டுக்காரருக்குப் போகும், அவர் கையெழுத்தும் வேண்டும்.

லீஸ் ஏன் அரிது என்பதற்கு, வாடகைதாரரை வெளியேற்ற முடியாமல் போகுமோ என்ற வீட்டுக்காரரின் அச்சம் பாதிக் காரணம், முத்திரைத்தாள் கட்டணம் மீதிக் காரணம். ஐந்து ஆண்டுக்கு மேற்படாத லீஸ் என்றாலும், வீட்டின் சந்தை மதிப்பில் 10%-ஐ விற்பனைக் கிரயம் போலக் கொண்டு வரி போடுவார்கள். ஒரு கோடி மதிப்புள்ள வீட்டுக்கு அது பத்து லட்சம். அதற்கு 5% என்று வைத்தாலே 50,000 ரூபாய். அதே வீட்டை லீவ் அண்ட் லைசென்ஸில் எடுத்தால் என்ன ஆகும்?

மூன்று ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு மாதம் 30,000, பிறகு ஆண்டுக்கு 5% உயர்வு, திருப்பித் தரும் டெபாசிட் ஒரு லட்சம். மூன்று ஆண்டுத் தொகைகள் 3,60,000, 3,78,000, 3,96,900, கூட்டினால் 11,34,900. டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10% வட்டி எனக் கணக்கிட்டு மூன்று ஆண்டுக்கு 30,000 சேர்க்க வேண்டும். மொத்தம் 11,64,900. முத்திரைத்தாள் கட்டணம் அதில் 0.25% என்றால் 2,912 ரூபாய். நூறின் மடங்காக மேலே ஏற்றினால் 3,000. மாநகராட்சிப் பகுதியில் பதிவுக் கட்டணம் 1,000. இந்தச் சலுகை 60 மாதம் வரையிலான ஒப்பந்தத்துக்கு மட்டும். எல்லாரும் 11 மாதத்தில் நிறுத்திக்கொள்வது வெறும் பழக்கம்.

அந்தப் பழக்கம் மற்ற மாநிலங்களிலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸுக்குத்தான் பதிவுச் சட்டத்தில் பதிவு கட்டாயம் என்பதால் 11 மாதம் எழுதுவார்கள். மகாராஷ்டிரத்தில் அந்தத் தந்திரம் பலிக்காது. பிரிவு 55-இன்படி 11 மாதமோ ஒரு மாதமோ, எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும். பதிய வைக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைவிட அவரை உறுத்த வேண்டியது வேறு: பதிந்த ஒப்பந்தம் இல்லையென்றால், என்ன நிபந்தனையில் வீடு கொடுக்கப்பட்டது என்பதில் குடியிருப்பவர் சொல்வதே நிற்கும், மறுத்து நிரூபிக்கும்வரை.

பதிந்துவிட்டால் தராசு மறுபக்கம் சாய்கிறது. பிரிவு 24-இன்படி எழுத்தில் உள்ள லைசென்ஸ் ஒப்பந்தம் அதில் சொல்லப்பட்ட விஷயங்களுக்கு முடிவான சாட்சி. "பெயருக்குத்தான் லைசென்ஸ், உண்மையில் நான் வாடகைதாரர்" என்ற பழைய வாதம் இங்கே எடுபடாது. காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் வீட்டுக்காரர் இதற்கென அரசு நியமித்த தகுதி அதிகாரியிடம் மனுப் போடுவார். சம்மன் வந்த 30 நாளுக்குள் எதிர்வாதத்துக்கு அனுமதி கேட்டு உறுதிமொழிப் பத்திரம் தரவில்லையென்றால் காலி செய்ய உத்தரவு வந்துவிடும். தாமதித்த நாட்களுக்கு லைசென்ஸ் தொகையைப்போல் இரு மடங்கு இழப்பீடு. "மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டுதானே இருந்தார்" என்பதைப் புதுப்பித்தல் என்று நம்பி உட்காருபவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

ஆகவே நீண்டகாலம் இருக்க நினைப்பவருக்கு லைசென்ஸில் கிடைக்கும் ஒரே உண்மையான பாதுகாப்பு, அவரே எழுதி வாங்குவதுதான். 11 மாதம் ஐந்து முறை என்பதைவிட ஒரே 60 மாத ஒப்பந்தம் மேல். உயர்வு விகிதம் ஆண்டுவாரியாகத் தொகையிலேயே இருக்கட்டும். குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகக் கூடாது என்னும் லாக்-இன் விதியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படியுங்கள்: பல மாதிரி ஒப்பந்தங்களில் குடியிருப்பவர் போக முடியாது, வீட்டுக்காரரோ ஒரு மாத நோட்டீஸில் அனுப்பலாம். இருவருக்கும் ஒரே லாக்-இன் என்று மாற்றக் கேட்டால் நியாயமான வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வார். டெபாசிட் முழுவதும் வங்கி வழியே போகட்டும், பதிவுக்கு முன் கொடுத்தது பரிமாற்ற எண்ணோடு பத்திரத்தில் ஏறட்டும். சாவி கொடுக்கும் அன்றே டெபாசிட் திரும்ப வேண்டும், தவறினால் இவ்வளவு வட்டி என்று ஒரு வரியும் வேண்டும்.

பதிவை வீட்டிலிருந்தே செய்யலாம். efilingigr.maharashtra.gov.in தளத்தில் சொத்து விவரம், இரு தரப்பினர், தொகை, காலம் எல்லாம் ஏற்றி, வரைவைச் சரிபார்த்து, மாநில அரசின் GRAS கட்டணத் தளம் வழியாகக் கட்டணம் கட்டி, இரு தரப்பும் இரண்டு சாட்சிகளும் ஆதார் விரல்ரேகை வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரேகை தேய்ந்த முதியவரிடம் கருவி அடம்பிடிக்கும். எல்லா விரல்களையும் முயன்று பார்த்தும் ஆகாவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில்தான் போக வேண்டும். வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் என்றால் அதிகாரப் பத்திரம் முதலிலேயே தயாராக இருக்கட்டும். ஏஜெண்ட் கருவியோடு வீட்டுக்கு வருவதால், இடைப்பட்ட வரைவை யாரும் படிப்பதில்லை. பிளாட் எண்ணோ தொடங்கும் தேதியோ தவறினால் பிறகு திருத்தப் பத்திரம்தான்.

ரேகை வைத்ததும் வேலை முடிந்துவிடாது. சார்பதிவாளர் ஏற்று, பதிவு எண்ணும் பதிவின் சுருக்கமான இண்டெக்ஸ் 2-உம் வந்த பிறகுதான் அது பதிந்த ஒப்பந்தம். ஏஜெண்ட் அனுப்பும் வரைவுக் கோப்பையே பத்திரம் என்று வைத்திருப்பவர்கள் நிறைய. டெபாசிட்டின் கடைசித் தவணையை இண்டெக்ஸ் 2 கைக்கு வந்த பிறகு கொடுங்கள்.