மிதக்கும் முட்டை கெட்ட முட்டைதானா? தண்ணீர், வெளிச்சம், கிண்ணம் என்ற மூன்று சோதனைகளின் ஒப்பீடு

தண்ணீரில் போட்ட முட்டை அடியில் படுத்தால் நல்லது, மேலே மிதந்தால் கெட்டது என்பது நம் சமையலறைகளில் ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது. இதே வேலைக்கு வேறு இரண்டு வழிகளும் வெகுகாலமாக இருக்கின்றன. ஒன்று, இருட்டில் முட்டைக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்ப்பது. மற்றொன்று, தனிக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றி முகர்ந்து பார்ப்பது. இம்மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாகத் தோன்றினாலும், உண்மையில் ஒவ்வொன்றும் அளப்பது வெவ்வேறு பொருளை. தண்ணீர்ச் சோதனை எதை அளக்கிறது என்பது தெளிந்துவிட்டால், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் தெளிந்துவிடும்.

முட்டை ஓடு பார்வைக்கு மூடிய பெட்டி போல இருந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் வெளிவரும் முட்டை ஆறும்போது உள்ளிருக்கும் நீர்மம் சுருங்குகிறது. அகன்ற முனையில் ஓட்டின் உட்புறச் சவ்வுகள் இரண்டும் பிரிந்து, இடையே ஒரு சிறு காற்றறை உண்டாகிறது. அன்று முதல் வெள்ளைக்கருவின் ஈரம் நுண்துளைகள் வழியாகச் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேற, அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. ஓட்டின் அளவு மாறுவதில்லை. எடை மட்டும் குறைகிறது. அதே அளவு தண்ணீரின் எடையைவிட முட்டையின் எடை குறைந்துபோகும் நாளில் அது மிதக்கிறது.

அழுகும்போது உள்ளே வாயு உண்டாவதால்தான் முட்டை மிதக்கிறது என்று பலரும் விளக்குவதுண்டு. கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. உள்ளே இருந்த பொருளே வாயுவாக மாறி உள்ளேயே தங்கினால் எடையும் மாறாது, ஓட்டின் பருமனும் மாறாது. ஆகவே முட்டை மிதக்கவும் காரணமில்லை. அந்த வாயு ஓட்டைக் கடந்து வெளியேறினால் மட்டுமே எடை குறையும். ஆக, மிதப்பு என்பது வெளியேறியதன் அளவு, அதிலும் பெரும்பங்கு வெறும் நீராவி. அழுகல் என்பதோ நுண்ணுயிர்களின் வேலை. இரண்டுக்கும் காலம் தேவைப்படுகிறது என்பதைத் தவிர நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

ஒரு முட்டையை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். அன்றைக்கு இட்ட முட்டையின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ 1.08 முதல் 1.09 மடங்கு இருக்கும். 56 கிராம் எடையுள்ள முட்டை சுமார் 51.6 மில்லிலிட்டர் இடத்தை அடைக்கிறது என்று கொண்டால், அது மிதப்பதற்கு ஏறத்தாழ 4.4 கிராம், அதாவது எடையில் 8 விழுக்காடு குறைய வேண்டும். இது எத்தனை நாளில் நடக்கும்? குஞ்சு பொரிப்பகங்களில் 37.5 டிகிரி வெப்பத்திலும் 55 முதல் 60 விழுக்காடு ஈரப்பதத்திலும் முதல் 18 நாட்களில் முட்டை ஏறத்தாழ 12 விழுக்காடு எடை இழக்க வேண்டும் என்பது தொழிலில் அறிந்த கணக்கு. அதாவது அங்கே ஒரு நாளைக்கு 0.37 கிராம் போகிறது. பன்னிரண்டாம் நாளிலேயே முட்டை மிதக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆவியாகும் வேகம் சுற்றியுள்ள காற்றின் வறட்சியைப் பொறுத்தது என்பதால், இந்தக் கணக்கை மற்ற இடங்களுக்கும் நீட்டிப் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் அதே முட்டை மிதக்கச் சுமார் மூன்று வாரம் ஆகும். வெப்பம் அதே 30 டிகிரியாக இருந்து, மழைக்காலக் கடலோரத்தைப் போல ஈரப்பதம் 80 விழுக்காடாக இருந்தால் ஐந்தரை வாரம் வரை இழுக்கும். 5 டிகிரியில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டியிலோ பத்து வாரத்தையும் தாண்டும். இவை தோராயக் கணக்குகளே. ஓட்டின் தடிப்பும் முட்டையை வைத்திருக்கும் அட்டையும் இவற்றைச் சற்று முன்பின்னாக மாற்றும்.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது நடுவில் உள்ள இரண்டு. வெப்பம் இரண்டிலும் ஒன்றே என்பதால் நுண்ணுயிர் பெருகும் வாய்ப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஈரமான காற்றும் ஓட்டின் மேல் படியும் ஈரமும் நுண்ணுயிர்களுக்குத்தான் சாதகம் என்பதால், கடலோர முட்டையின் நிலை உண்மையில் சற்று மோசமாகக்கூட இருக்கலாம். ஆனால் தண்ணீர்ச் சோதனை தலைகீழாகத் தீர்ப்பு சொல்கிறது: வறண்ட அறையில் இருந்த முட்டை மூன்றாம் வாரத்திலேயே மிதந்து கெட்ட பெயர் எடுக்கிறது, கடலோர முட்டை நான்காம் வாரத்திலும் அடியில் நின்று நல்ல பெயர் வாங்குகிறது.

பிழை இந்த இரு பக்கங்களிலும் நிகழும் என்றாலும் இரண்டும் ஒரே அளவு தீங்கானவை அல்ல. மிதக்கும் முட்டை பல சமயம் பழையது மட்டுமே. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அறிவுரையும், அத்தகைய முட்டை உண்ணத் தகுந்ததாக இருக்கலாம், உடைத்து மணத்தையும் தோற்றத்தையும் பாருங்கள் என்பதே. அதைத் தூக்கி எறிந்தால் நட்டம் சில ரூபாய். மூழ்கும் முட்டையை நம்புவதில்தான் உண்மையான ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக நுண்ணுயிர் புகுந்த முட்டை, எடை குறைவதற்கு முன்பே சில நாட்களில் கெட்டுவிடலாம். சேமிப்புக்காக எண்ணெய் பூசப்பட்ட முட்டையில் துளைகள் அடைபட்டிருப்பதால் எடை மிக மெதுவாகவே குறையும். அது வெகுநாள் பழையதானாலும் மூழ்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சால்மோனெல்லா கிருமி சில சமயம் கோழியின் உடலுக்குள்ளேயே, ஓடு உருவாவதற்கு முன்பாகவே முட்டைக்குள் சேர்ந்துவிடுகிறது. அத்தகைய முட்டை அன்று இட்டதாக இருக்கும், மூழ்கும், நாறாது. இந்த இடத்தில் இக்கட்டுரை ஒப்பிடும் மூன்று சோதனைகளுமே தோற்றுவிடுகின்றன. வெள்ளையும் மஞ்சளும் கெட்டியாகும் வரை, 71 டிகிரிக்குக் குறையாமல் வேகவைப்பது மட்டுமே அதற்கு மருந்து.

தண்ணீர்ச் சோதனைக்குள் இன்னொரு குளறுபடியும் இருக்கிறது. எல்லா முட்டையும் ஒரே அடர்த்தியில் தொடங்குவதில்லை. கோடையில் கோழி மூச்சிரைத்து வெப்பத்தை வெளியேற்றும்போது அதன் ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு அதிகமாகப் போய்விடுவதால் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புப் பொருள் குறைந்து, மெல்லிய ஓடுள்ள முட்டை கிடைக்கிறது. மெல்லிய ஓடு என்றால் தொடக்கத்திலேயே எடை குறைவு, விரைவில் மிதப்பு. கோழி ஆராய்ச்சியில் மிதப்புச் சோதனை ஒன்று உண்டு. ஆனால் அது 1.060 முதல் 1.100 வரை படிப்படியாக அடர்த்தி கூடும் உப்புக் கரைசல்களில் அன்றைய முட்டைகளை மிதக்கவிட்டு, ஓட்டின் தடிப்பை மதிப்பிடுவதற்காகச் செய்யப்படுவது. முட்டை கெட்டதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தண்ணீரில் உப்புப் போட்டுச் சோதிக்கச் சொல்லும் காணொளிகளைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது: பத்து விழுக்காடு உப்புக் கரைசலின் அடர்த்தி ஏறத்தாழ 1.07, அதில் ஒரு வாரத்து நல்ல முட்டையே தத்தளிக்கும்.

வெளிச்சச் சோதனைக்கு வருவோம். இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை அழுத்திப் பிடித்தால் காற்றறையின் விளிம்பு கோடு போலத் தெரியும். அமெரிக்கத் தரப் பிரிவில் முதல் தர முட்டைக்குக் காற்றறையின் ஆழம் 3.2 மில்லிமீட்டருக்கு மிகாமலும், அடுத்த தரத்துக்கு 4.8 மில்லிமீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இதுவரை இது தண்ணீர்ச் சோதனை அளப்பதையே, அதாவது போன ஈரத்தையே, வேறு வழியில் காட்டுகிறது. ஆனால் விளக்கு அதற்கு மேலும் காட்டும். மஞ்சள்கரு நடுவில் மங்கலாக நிற்கிறதா, ஓட்டோடு ஒட்டிக்கொண்டதா, மொத்த முட்டையும் ஒளி புகாமல் கருத்துக் கிடக்கிறதா என்பதெல்லாம் தெரியும். சேவலோடு திரியும் நாட்டுக்கோழியின் முட்டை வெக்கையில் கிடந்தால் கரு சற்று வளர்ந்து இறந்துபோவதுண்டு. விளக்கில் அது சிவப்பு வளையமாகத் தெரியும், தண்ணீரிலோ சாதாரண முட்டையாக மூழ்கும். அடை வைத்த முட்டைகளில் கூமுட்டையைப் பிரிக்க விளக்கொளியில் பார்ப்பதும் இதனால்தான். வெளிச்சச் சோதனையின் குறை, அதற்குப் பழகிய கண் வேண்டும் என்பதும், பழுப்பு ஓட்டில் பாதி விவரம் மறைந்துவிடும் என்பதும். முட்டையைக் காதருகே ஆட்டிக் கேட்பதை இங்கே ஒரு வரியில் முடித்துவிடலாம்: அதுவும் காற்றறையைத்தான் கேட்கிறது, தண்ணீரைவிட மோசமாக.

உடைத்துப் பார்ப்பது ஒன்றே கெடுதலையே நேரடியாகத் தேடும் சோதனை. அழுகும் புரதத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடை மனித மூக்கு மிகமிகச் சிறிய அளவிலும் கண்டுபிடித்துவிடும். சில நுண்ணுயிர்கள் வெள்ளைக்கருவைப் பச்சையாகவோ கருப்பாகவோ மாற்றுவதும் கண்ணுக்குத் தெரியும். வெள்ளைக்கரு தண்ணீராக ஓடிப் பரவினாலோ மஞ்சள்கரு தட்டையாகிக் கிடந்தாலோ அது முதுமையின் அடையாளம், கெடுதலின் அடையாளம் அல்ல. வெள்ளைக்கரு சற்று மங்கலாக இருப்பது இன்னும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாத புது முட்டையின் குணம், அதைக் கண்டு எறிபவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் சிறு கிண்ணத்தில் உடைத்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் இதற்கான ஒரே நிபந்தனை. பத்தாவது முட்டையை நேராகக் கலவையில் உடைத்து ஊற்றி மொத்தத்தையும் கொட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஆம்லெட்டுக்கோ பொரியலுக்கோ என்றால் என் தேர்வு கிண்ணம். தண்ணீர்ச் சோதனை அங்கே வீண் வேலை. ஓட்டோடு வேகவைக்கும்போது மட்டும் உடைக்க வழியில்லை என்பதால் விளக்கும் தண்ணீரும் மதிப்புப் பெறுகின்றன. நான் செய்வது, விளக்கில் கருத்துத் தெரிவதைக் கழித்துவிட்டு, மீதியைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை மட்டும் தனியே எடுத்துக் கிண்ணத்தில் உடைத்துப் பார்ப்பது. அடியில் படுக்காமல் நுனியில் நிற்கும் முட்டைகளை வேகவைக்கவே வைத்துக்கொள்கிறேன். நாளாக ஆகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுவதால் அவற்றின் ஓடு எளிதாக உரியும்.

தண்ணீரில் போடுவதென்றால் சமைக்கும் நேரத்தில்தான் போட வேண்டும். வெதுவெதுப்பான முட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளிருப்பது சுருங்கி, ஓட்டின் மேலிருக்கும் அழுக்கு நீரைத் துளைகள் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் முட்டையைவிடச் சற்றுச் சூடாக இருப்பது நல்லது. ஒரு தட்டு முட்டை முழுவதையும் சோதித்துவிட்டு ஈரத்தோடு மறுபடி அட்டையில் அடுக்கி வைப்பவர்கள், அதுவரை நன்றாக இருந்த முட்டைகளையும் அடுத்த வாரத்துக்குள் கெடுத்துவிடக்கூடும்.