அழிப்பதா, மறைப்பதா: ப்ரோகிரியேட்டில் மூன்று வருடம்

சிறுவர் கதைகளுக்குப் படம் வரைவது என் வேலை. மூன்று வருடமாக ஐபேடில் ப்ரோகிரியேட் என்ற வரையும் செயலி, கையில் இரண்டாம் தலைமுறை ஆப்பிள் பென்சில். இந்த மூன்று வருடத்தில் என் படங்கள் கெட்டுப்போனதெல்லாம் பெரும்பாலும் அழிக்கும்போதுதான்.

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஒரு பாட்டி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் மாதிரிதான் லேயர்கள்; பாட்டியின் பென்சில் ஸ்கெட்ச் ஒரு லேயர், திண்ணைத் தூண் இன்னொரு லேயர். முழங்கை தூணுக்குப் பின்னால் போகிறது. தூணுக்குள் முழங்கைக் கோடு தெரிந்தது உறுத்தியதால் அந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டேன். பத்து நாள் கழித்துப் பதிப்பாசிரியர் கூப்பிட்டார். "சார், தூணைக் கொஞ்சம் தள்ளிப் போடலாமா? எழுத்துக்கு இடம் பத்தல." லேயர் தனிதானே என்று தூணை இழுத்தேன். நகர்ந்தது. பின்னால் பாட்டிக்கு முழங்கையே இல்லை. பெயருக்குத்தான் இரண்டு லேயர். பாட்டியின் லேயருக்குள் தூணின் வடிவத்தை நானே வெட்டி வைத்திருக்கிறேன். இந்தச் செயலியில் 250 படிகள் வரை பின்னால் போகலாம்தான், ஆனால் படத்தை மூடி கேலரிக்குப் போனதும் அந்த வரலாறு போய்விடும். முழங்கையைத் திரும்ப வரைந்தேன்.

அப்புறம்தான் மாஸ்க் பக்கம் வந்தேன். லேயரை ஒருமுறை தட்டினால் வரும் பட்டியலில் Mask இருக்கும். அதைத் தொட்டால் ஸ்கெட்சுக்கு மேலே வெள்ளையாக ஒரு Layer Mask ஒட்டிக்கொள்ளும். அதில் கறுப்பால் தீட்டிய இடம் மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும், சாம்பல் பாதி மறைக்கும். முழங்கைக் கோடு அப்படியே பத்திரமாக இருக்கும். தூண் நகர்ந்தால் வெள்ளையை எடுத்து நாலு இழுப்பு, அவ்வளவுதான். ஒரே தொல்லை, மாஸ்க் தேர்வில் இருப்பதை மறந்து படம் வரையப் போய்விடுவது. சிவப்பை எடுத்துத் தீட்டுகிறீர்கள், சிவப்பு வராமல் ஸ்கெட்ச் மங்குகிறது என்றால் நீங்கள் மாஸ்க்கில் நிற்கிறீர்கள்.

எல்லாவற்றுக்கும் மாஸ்க் போடுவதில்லை. ஒன்று இன்னொன்றுக்குப் பின்னால் போகும் இடத்துக்கு மட்டும் மாஸ்க். தப்பாக விழுந்த மூக்கு, தேவையில்லாத தேடல் கோடுகள், இவற்றுக்கு நிஜ அழிப்பான்தான். அழிப்பான் பொத்தானைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் வரைந்துகொண்டிருந்த அதே பிரஷ்ஷாலேயே அழிக்கலாம். 6B Pencil-ஆல் வரைந்த நிழலை 6B Pencil-ஆலேயே குறைக்கும்போது காகிதத்தில் ரப்பர் போட்ட மாதிரி இயல்பாக இருக்கிறது.

ஆனால் முழுசாக நீக்க அந்த பிரஷ் உதவாது. அது அழுத்தத்தைப் பொறுத்து வேலை செய்வதால், லேசாகத் தேய்த்த இடத்தில் கோடு மங்குமே தவிரப் போகாது. வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்கும் தெரியாது. பிறகு லேயர்களை ஒன்றாக்கும்போது அழுக்குப் படிந்த மாதிரி ஏதோ தெரியும். இதைக் கண்டுபிடிக்க எனக்கொரு வழி உண்டு: ஸ்கெட்ச் லேயரை ஐந்து நகல் எடுத்து அப்படியே அடுக்கிப் பார்ப்பேன். 5 சதவீதம் எஞ்சிய கறை, ஆறு அடுக்கில் 26 சதவீதம் ஆகிவிடும். எங்கே இருக்கிறதென்று பளிச்சென்று தெரியும். பார்த்துவிட்டு நகல்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தைத் தேர்வுக் கருவியால் சுற்றி, மூன்று விரலால் கீழே இழுத்து Cut கொடுப்பேன். தேர்வில் உள்ள லேயரில் மட்டும்தான் வெட்டும், மற்றதைத் தொடாது. சின்ன இடமென்றால் Monoline பிரஷ்ஷை அழிப்பானாக வைத்து, பக்கத்துப் பட்டையில் ஒளிபுகாமையை முழுசாக ஏற்றிக்கொள்வேன். அழிப்பானின் அளவும் ஒளிபுகாமையும் வரையும் பிரஷ்ஷிலிருந்து தனி என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது.

வேறு லேயரில் நின்று அழிப்பது இன்றும் நடக்கிறது. வண்ணம் தீட்டி முடித்த சூட்டில், துருத்திய ஒரு ஸ்கெட்ச் கோட்டைப் பார்த்ததும் பென்சிலை இரண்டு முறை தட்டுவேன், அழிப்பான் வந்துவிடும். தேய்ப்பேன், கோடு அசையாது. சரி, அழுத்தம் போதவில்லை போல என்று இன்னும் தேய்ப்பேன். அதற்குள் அடியில் பாட்டியின் புடவை ஓட்டையாகியிருக்கும். கோடு போகவில்லையென்றால் கையை நிறுத்து என்பது இப்போதுதான் கொஞ்சம் பழக்கமாகி வருகிறது. இரண்டு விரலால் தட்டித் தட்டிப் பின்னால் போனால் புடவை வந்துவிடும். முடிந்த வண்ண லேயரை இடப்பக்கம் இழுத்து Lock போட்டுவிட்டால் இந்த வம்பே இல்லை. அழிக்கப் போனால் பூட்டியிருக்கிறது என்று செயலியே சொல்லிவிடும். ஸ்கெட்ச் முழுவதையும் நீலத்தில் வரைவதும் இதனால்தான்: நீலக் கோடு தெரிந்தால் எந்த லேயருக்குப் போக வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம்.