ஏற்காட்டில் இடம் அளக்க ஆள் கூப்பிடுகிறீர்களா? எனக்கு நடந்ததைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

நாகலூர் பக்கம் எனக்கு 10 சென்ட் சரிவு நிலம் இருக்கிறது. காம்பவுண்டு கட்டலாம் என்று நினைத்தபோது, இடம் வாங்கிக் கொடுத்த தரகரே ஒரு தனியார் சர்வேயரின் எண்ணைக் கொடுத்தார். நான் அனுப்பிய வாட்ஸ்அப் இவ்வளவுதான்: "இடத்தை அளந்து கல் நடணும், எவ்வளவு ஆகும்?" தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அவர் பட்டாவின் போட்டோவை மட்டும் கேட்டார், நிலத்தின் எல்லைகளை அளவோடு காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தைக் கேட்கவே இல்லை. ரொக்கமாக 12,000 ரூபாய் பேசி, ஒரு சனிக்கிழமை உதவியாளரோடு வந்தார்.

மேலே ரோட்டோரம் பழைய கல் ஒன்று நன்றாகத் தெரிந்தது. அங்கே டேப்பின் முனையைப் பிடித்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே தரையை ஒட்டியே கீழே இழுத்துக்கொண்டு போனார்கள். 30 மீட்டர் வந்ததும் கல் நட்டார்கள். அந்தப் பக்கமும் அப்படியே. ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெயர் மட்டும் உள்ள முத்திரையோடு கையால் வரைந்த ஒரு தாள் கொடுத்தார். உரிம எண் எதுவும் அதில் இல்லை. நானும் கேட்கவில்லை.

காம்பவுண்டு மேஸ்திரி கீழ்ப்பக்கம் அஸ்திவாரம் தோண்டிய இரண்டாம் நாள், கீழ்த்தோட்டத்துப் பெரியவர் வந்து பார்த்தார். "தம்பி, கல்லு மேல ஏறிப் போச்சே. எனக்கு லாபம்தான், ஆனா உங்க பழைய கல்லு அங்க இருக்குது பாருங்க" என்று உண்ணிச்செடிப் புதரை விலக்கிக் காட்டினார். மண் மூடிய கருங்கல், புதுக்கல்லுக்குக் கீழே ஏறத்தாழ ஆறடியில் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

எப்படி ஆறடி போனது? புலப்படத்தில் எழுதியிருக்கும் அளவு படுக்கைவாட்டு நீளம், அதாவது மேலிருந்து பார்த்தால் வரும் நீளம். என் இடம் சுமார் 20 பாகை சரிவு. அதில் டேப்பைத் தரையோடு படுக்கவைத்து 30 மீட்டர் அளந்தால், படுக்கைவாட்டில் 28.2 மீட்டர்தான் கிடைக்கும். மீதி 1.8 மீட்டர் போச்சு. அகலம் 13.5 மீட்டர் என்பதால் இழப்பு சுமார் 24 சதுர மீட்டர், அரை சென்ட்டுக்கும் மேலே. மலையில் ஒன்று படுக்கைவாட்டு நீளத்தைத் தானே கணக்கிட்டுக் காட்டும் டோட்டல் ஸ்டேஷன் கருவி வைக்க வேண்டும், இல்லையென்றால் டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்கி அளக்க வேண்டும். டேப் தரையில் தவழ்வதைப் பார்த்தால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

இரண்டாம் முறை tamilnilam.tn.gov.in/citizen வழியாக அரசு நில அளவைக்கே விண்ணப்பித்தேன். கையில் தனியாக ஒரு கடிதமும் வைத்திருந்தேன். அதில் இப்படி எழுதினேன்: "மேற்படி உட்பிரிவின் எல்லைகளைப் புலப்படத்தின்படி அளந்து, இருக்கும் கற்களைக் கண்டறிந்து, காணாமற்போனவற்றின் இடத்தைக் காட்டித் தர வேண்டுகிறேன். சுற்றுச்சுவர் கட்டுவதற்காகக் கேட்கிறேன். புதிய உட்பிரிவு தேவையில்லை." கடைசி வரி முக்கியம், ஏனென்றால் எல்லை காட்டுவது வேறு, உட்பிரிவு செய்வது வேறு. உங்கள் பெயர் கூட்டுப் பட்டாவில் மட்டும் இருக்கிறது, உங்கள் பங்கு தனி உட்பிரிவு ஆகவில்லை என்றால், புலப்படத்தில் உங்கள் பங்குக்குக் கோடே இருக்காது; முதலில் உட்பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

இணைத்தவை: பட்டா, புலப்படம், கிரயப் பத்திர நகல். பத்திரத்தில் உள்ள நான்கெல்லை விவரத்துக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டுவைத்தேன்.

போய்வரும் வழியையும் எழுதினேன். எஸ்டேட் கேட் சாவி யாரிடம் இருக்கும், அவர் எண் என்ன, எல்லையோரம் புதரை முன்தினமே வெட்டிவைப்பேன், கீழ்க்கல்லுக்குப் பக்கத்துத் தோட்டம் வழியாகத்தான் இறங்க முடியும், அதற்குப் பெரியவர் சம்மதித்திருக்கிறார் என்று. காலையிலேயே வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஆளே தெரியாது, கருவியில் என்ன தெரியும்? பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்பு போனதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் இல்லாமல் அளந்தால் நாளைக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அளந்து பார்த்ததில் புலப்படமும் புதருக்குள் இருந்த கருங்கல்லும் ஒத்துப்போயின.

பணத்தைத் திருப்பிக் கேட்க அந்தத் தனியார் ஆளுக்கு போன் போட்டேன். "மலையில டேப் அப்படித்தான் சார் போகும்" என்றார். அடுத்த முறை எடுக்கவில்லை. தோண்டிய அஸ்திவாரத்தை மூட மேஸ்திரிக்குத் தனிக்கூலி கொடுத்தேன்.