பூட்ஸில் ஒரு நம்பர் கூட்டுவதா, அகலத்தைக் கூட்டுவதா?

தடித்த சாக்ஸ் போட்டதும் பாதுகாப்பு பூட்ஸ் இறுக்குகிறது என்றால், "ஒரு நம்பர் பெரிசா வாங்கிக்கோ" என்பார்கள். நானும் அப்படி வாங்கித்தான் குதிகாலைப் புண்ணாக்கிக்கொண்டேன்.

நாள் முழுக்க நின்றால் கால் நீளமாவது கொஞ்சம்தான். நீர் கோத்துப் பருப்பது புறங்காலும், விரல்களுக்குப் பின்னால் பாதம் அகலமாக இருக்கும் இடமும். சாக்ஸும் பெரும்பாலும் சுற்றளவில்தான் இடம் பிடிக்கும். அந்த அகலமான இடத்தை டேப்பால் சுற்றி அளந்தேன். ஷிஃப்டுக்கு முன் வெறுங்காலில் 250 மி.மீ.; 12 மணி நேரம் கழித்து, தடித்த சாக்ஸோடு 262. ஆக, எனக்கு வேண்டிய கூடுதல் இடம் 12 மி.மீ.

பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பர் கூட்டினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடும், சுற்றளவோ ஏறக்குறைய 6 தான். தேவையில் பாதி! மீதிக்காக இன்னொரு நம்பர் ஏறினால் நீளம் 17 மி.மீ. கூடிவிடும். அப்போது பூட்ஸ் மடங்கும் இடம் கால் மடங்கும் இடத்துக்கு முன்னால் போய்விடும். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் எழும்பி உரசும். அதை அடக்க லேஸை இழுத்துக் கட்டுவோம், அது வீங்கிய புறங்காலிலேயே போய் அழுத்தும். என் புண்ணின் கதை இதுதான்.

அதே நம்பரில் அடுத்த அகலத்துக்குப் போனாலும் சுமார் 6 மி.மீ. சுற்றளவு கிடைக்கும், நீளம் மாறாது. இரண்டு படி ஏறினால் என் கணக்கு சரியாகிவிடும். ஒரு சிக்கல்: எல்லா மாடலிலும் அகல அளவு வராது. அப்புறம், அகலம் என்று விற்பவற்றிலும் முன்பக்க இரும்புத் தொப்பி அகலமானதா என்று பார்க்க வேண்டும். தோல் நாளடைவில் இளகும், இரும்பு இளகாது. போட்டுப் பார்க்கும்போதே சுண்டுவிரல் தொப்பியின் ஓரத்தில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம்.

உள்ளே இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு மெல்லியதைப் போடுவது மூன்றாவது வழி. புறங்காலுக்கு இரண்டு மூன்று மி.மீ. உயரம் கிடைக்கும், ஆனால் தொப்பிக்குள் அகலம் அதிகமாகாது. பூட்ஸைச் சோதித்துச் சான்று தருவது அதனுடன் வந்த இன்சோலோடுதான். கண்டதை மாற்றினால் நிலைமின் பாதுகாப்பு போன்றவை கெடலாம். தயாரிப்பாளரே அந்த மாடலுக்குத் தரும் மெல்லிய இன்சோல் என்றால் சரி.

சாயங்காலம் போய் அளவு பார் என்பது பகல் ஷிஃப்ட்காரருக்குத்தான் பொருந்தும். இரவு வேலை பார்ப்பவர் காலையில் வேலை முடிந்த கையோடு, அதே சாக்ஸில் போக வேண்டும். லேஸ் கட்டியதும் ஒரு சரிவில் இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் போய்த் தொப்பியில் முட்டக் கூடாது, ஏறும்போது குதிகால் எழும்பக் கூடாது.