ரிம் லைட் என்று சொல்லி Outer Glow கொடுத்து ஏமாற்றுகிறார்கள், கவனம்

வீடியோ கவர் படம் செய்து தருகிறேன் என்று வந்த ஒருவரிடம் பணம் கொடுத்து ஏமாந்தேன். கேட்டது இவ்வளவுதான்: வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த போட்டோவிலிருந்து பேசுபவரை கட்அவுட் எடுக்கணும், பின்னால் அடர் ஆரஞ்சு, ஓரத்தில் ரிம் லைட், கூடவே லேயர் பிரிந்த ஃபோட்டோஷாப் கோப்பு, அதாவது PSD. முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டார்.

வந்த படம் போனில் பளிச்சென்றுதான் இருந்தது. கணினியில் 200% பெரிதாக்கிப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. காது, கழுத்து, விரலிடுக்கு என்று பார்க்காமல் உடம்பைச் சுற்றி வெளியே ஒரே தடிமனில் வெள்ளை ஒளி, ஆளை ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிவைத்தது போல. ஃபோட்டோஷாப்பில் லேயர் ஸ்டைலில் Outer Glow-வை டிக் செய்தால் வருவது அது. ரிம் லைட் என்பது ஆளுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு விளக்கு இருப்பதுபோல் காட்டுவது, அதனால் ஒளி ஆளின் மேலேயே, விளிம்புக்கு உள்பக்கமாக விழணும். தோளில் அகலமாக, கன்னத்தில் மெலிதாக, விளக்கு எட்டாத தாடைக்கு அடியில் இல்லாமலே போகும். அதற்கு ஆளின் லேயருக்கு மேல் புது லேயர் வைத்து, கிளிப்பிங் மாஸ்க் ஆக்கி, Screen மோடில், பின்னணி நிறத்தை ஒட்டிய வெளிச்ச நிறத்தில் மென்மையான பிரஷால் கையால் தீட்டணும். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், விஷயம் அதைவிட மோசம். பின்னணியைக் கருநீலமாக மாற்றி, அந்த ஒளியையும் எடுத்துவிடுங்கள் என்றேன். உடனே தனியாகப் பணம் கேட்டார். அப்போதுதான் முடிப்பக்கம் உற்றுப் பார்த்தேன்: இழைகளுக்கு நடுவே பழைய வெள்ளைச் சுவர் அப்படியே திட்டுத்திட்டாக இருந்தது. ஓரத்து வெள்ளைப் பிசிறை மறைக்கத்தான் அந்த வெள்ளை ஒளி! PSD-யை விடாமல் கேட்டு வாங்கித் திறந்தால், உள்ளே Background என்று ஒரே ஒரு லேயர். JPEG-ஐ PSD என்று சேவ் செய்து அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால் கடைசித் தவணைக்கு முன்னால் PSD-யை வாங்கித் திறந்து பாருங்கள். ஆளின் லேயரில், பின்னணியை அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் மாஸ்க் இருக்கணும். லேயர் பக்கத்தில் தெரியும் மாஸ்க்கின் கறுப்பு வெள்ளைச் சின்னப் படத்தை Shift அழுத்தியபடி கிளிக் செய்தால் பழைய சுவரோடு முழுப் போட்டோவும் திரும்பி வரும். வரவில்லை என்றால் அழிப்பானால் தேய்த்தோ வெட்டியோ எடுத்திருக்கிறார், முடி விட்டுப்போயிருந்தாலும் அந்த லேயரிலிருந்து இனி மீட்க முடியாது. அப்புறம், ஒளி லேயர்களை அணைத்துவிட்டு, ஆளுக்கு அடியில் முழுக் கறுப்பு வைத்துப் பாருங்கள். வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்த போட்டோ என்றால் ஓரத்தில் மிச்சமிருப்பதெல்லாம் கறுப்பில் தெரிந்துவிடும். இருட்டான இடத்தில் எடுத்தது என்றால் வெள்ளை வைத்துப் பார்க்கணும்.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட்டோடு அவருக்கு அனுப்பினேன். "போன்ல பார்க்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியாது சார்" என்று ஒரு பதில், அதோடு பிளாக் செய்துவிட்டார். பணம் போனது போனதுதான்.